கோட்டு போட்ட தாத்தாவும் 275 பிக்சலும்

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கும். சந்தன மாலை, கண்ணாடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு, உள்ளே கோட்டும் டையுமாக ஒரு பெரியவர். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், வாழ்நாளில் அவர் கோட்டு போட்டதே இல்லை. இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்ததாகவோ, யாரோ ஒருவரின் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றதாகவோ இருந்திருக்கும். ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் எடுத்து, தன்னிடம் தயாராக இருந்த ஓர் உடலில் பொருத்தி, பின்னணியை நீலமாக்கிக் கொடுத்திருப்பார்.

இன்று அந்த வேலையின் எல்லை விரிந்துவிட்டது. அம்மாவுக்குப் பட்டுப்புடவை உடுத்திப் பார்க்க வேண்டும், மகளின் திருமணத்துக்கு முன்பே மறைந்த அப்பாவை மணமேடைப் படத்தில் சேர்க்க வேண்டும், குடும்பப் படத்தில் கண்ணை மூடிவிட்ட குழந்தையின் முகத்தை அடுத்த படத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்று பலவிதமாகக் கேட்கிறார்கள். கைபேசித் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. அதையே 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்ட பிறகுதான் முகம் மட்டும் மங்கலாகவும், கழுத்து வேறு நிறமாகவும், ஒட்டவைத்தது போலவும் தெரியத் தொடங்குகிறது.

முகம் மாற்றிய படங்களில் உலகம் அறிந்த ஒன்று ஆபிரகாம் லிங்கனுடையது. மேசையருகே கம்பீரமாக நிற்கும் அந்த அச்சுப்படத்தில் தலை மட்டுமே லிங்கனுடையது. உடல், அமெரிக்கத் தென் மாநிலங்களின் தலைவராகவும் அடிமை முறையின் ஆதரவாளராகவும் இருந்த ஜான் கால்ஹூனுடையது. கால்ஹூனின் பழைய செதுக்குப்படத்தில் தலையை மாற்றி, மேசைமேல் இருந்த காகிதங்களின் வாசகங்களையும் மாற்றி வெளியிட்டிருந்தார்கள். காட்டிக்கொடுத்தது கன்னத்து மரு. லிங்கனுக்கு வலக் கன்னத்தில் இருந்த மரு, படத்தில் இடப்பக்கம் இருந்தது. உடல் நிற்கும் வாக்குக்குப் பொருந்த முகத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார்கள். இன்றும் ஸ்டூடியோக்களில் முதலில் நடக்கும் தவறு இதுதான். உடலில் வெளிச்சம் இடமிருந்து விழுகிறது, முகத்தில் வலமிருந்து விழுகிறது என்றால் முகத்தைத் திருப்பிப் போடுவதுதான் கைக்கு எளிது. ஆனால் வகிடு இடம் மாறிவிடும், மூக்குத்தி மறுபக்கம் போய்விடும். மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அச்சு நுட்பத்துக்கு வருவோம். இந்த வேலையில் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, படம் எத்தனை பிக்சல் என்பது. 12க்கு 18 அங்குலத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அச்சிட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். கோட்டு போட்ட உடல் ஸ்டூடியோ கேமராவில் எடுத்தது, அதனால் கோப்பு அந்த அளவில்தான் இருக்கும். விவரத்தைத் திறந்து பார்த்தால் 3600க்கு 5400 என்றே காட்டும், லேப்காரரும் சரி என்று வாங்கிக்கொள்வார். அந்த எண் உடலுக்கும் பின்னணிக்கும் பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. முகம் வேறு படத்திலிருந்து வந்தது. அது வந்தபோது எத்தனை பிக்சல் கொண்டிருந்ததோ அத்தனைதான் அதன் உண்மையான விவரம். பெரிதாக இழுத்து உடலோடு பொருத்தியதால் புதிதாக எதுவும் சேர்வதில்லை.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைபேசியில் எடுத்த கல்யாணக் கூட்டப் படம், 4000க்கு 3000 பிக்சல். அதில் தாத்தாவின் முகம் தாடையிலிருந்து உச்சந்தலை வரை 275 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12க்கு 18 சட்டத்தில் மார்பளவுப் படமாக வைத்தால் முகம் ஐந்து அங்குல உயரம் வரும். 275-ஐ ஐந்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 55 பிக்சல். சுற்றிலும் 300, நடுவில் 55. இதே படம் வாட்ஸப்பில் வந்து, நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கியிருந்தால் முகத்தில் மிஞ்சுவது 110 பிக்சல், அச்சில் அங்குலத்துக்கு 22. அசலைக் கேட்டு வாங்குங்கள் என்று ஸ்டூடியோக்காரர்கள் மன்றாடுவது இதனால்தான். எடுத்தவரின் கைபேசியிலிருந்து கேபிள் வழியாகவோ, வாட்ஸப்பிலேயே டாக்குமென்ட்டாகவோ வாங்கினால் முகம் இரண்டரை மடங்கு விவரத்தோடு கிடைக்கும். வேறு எந்தச் சரிசெய்தலும் இந்த அளவுக்குப் பலன் தராது.

பழைய அச்சுப்படம் என்றால் நெகட்டிவைத் தேடுவது நல்லது. 4க்கு 6 படத்தில் அரை அங்குலம் இருக்கும் முகம், 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் நெகட்டிவை 3200 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் அந்த மூன்று மில்லிமீட்டரில் ஏறத்தாழ 375 பிக்சல் கிடைக்கும், நிழலில் மறைந்த கண்களும் தெளியும். அச்சுப்படத்தையே 600 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் 300 பிக்சல். 1200-க்கு ஏற்றினால் எண் இரட்டிப்பாகும், கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்புதான்.

முகமாற்று மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இலவசமாகப் பரவியிருக்கும் பல கருவிகளுக்குள் இருப்பது inswapper_128 என்ற மாதிரி. பெயரிலுள்ள எண்ணே அதன் அளவு. எவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தாலும் அது உருவாக்கும் முகம் 128க்கு 128 பிக்சல்தான். ஐந்து அங்குல முகத்தில் அது அங்குலத்துக்கு 25 பிக்சலைச் சற்றுத்தான் தாண்டும். இந்தக் குறையை மறைக்க GFPGAN, CodeFormer போன்ற முகச் சீரமைப்புக் கருவிகளை அடுத்ததாக ஓட்டுகிறார்கள். உடனே கண்ணிமைகள் தெரிகின்றன, பல்வரிசை பளிச்சிடுகிறது. அவை தாத்தாவின் இமைகளும் பற்களும் அல்ல. ஆயிரக்கணக்கான வேற்று முகங்களைப் பார்த்துப் பழகிய கருவி, இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று வரைந்தவை. நெற்றிச் சுருக்கமும் கண்ணோரக் கோடுகளும் பெரும்பாலும் இதில் காணாமல் போகின்றன. ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லையே’ என்று பிள்ளைகள் தயங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சீரமைத்த முகத்தைத் தனி அடுக்காக வைத்து, அதன் அழுத்தத்தை 30, 40 சதவீதத்துக்குக் குறைத்து, அடியிலிருக்கும் அசல் முகம் தெரிய விடுவது நல்ல நடுவழி. தெளிவு கொஞ்சம் குறையும், ஆள் அவராகவே இருப்பார். ஒரு நினைவுப் படத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அப்படியானால் 55 பிக்சல் முகத்தை என்னதான் செய்வது? கண்ணின் கணக்கைப் பார்க்க வேண்டும். சராசரிக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். கையில் பிடித்து ஓர் அடி தூரத்தில் பார்க்கும்போது அது அங்குலத்துக்குச் சுமார் 300 பிக்சலாகிறது. 300 என்ற புகழ்பெற்ற எண்ணும் இதை ஒட்டித்தான் வருகிறது. சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் 100 போதும். ஆக, கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் படத்தில் முகத்துக்கு 100 பிக்சல் கிடைத்துவிட்டால் கவலையில்லை. 275 பிக்சலை அங்குலத்துக்கு 100 வீதம் பரப்பினால் முகம் இரண்டே முக்கால் அங்குலம் வரும்.

இங்கே சட்டத்தைச் சிறிதாக்க வேண்டிய அவசியமில்லை, முகத்தைச் சிறிதாக்கினால் போதும். மார்பளவு உடலுக்குப் பதிலாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலை எடுத்துக்கொண்டால் அதே 12க்கு 18 படத்தில் முகம் இரண்டரை அங்குலத்துக்கு இறங்கி, அங்குலத்துக்கு 110 பிக்சல் கிடைத்துவிடும். பழைய ஸ்டூடியோப் படங்களில் தாத்தாக்கள் ஒரு கை முக்காலியின்மேல் இருக்க முழு உருவமாக அமர்ந்திருப்பார்களே, அந்த அமைப்பு இப்போது இப்படி உதவுகிறது. மார்பளவுதான் வேண்டும் என்று வீட்டார் விரும்பினால் படத்தை 8க்கு 12 ஆக அச்சிட்டு, சுற்றிலும் அகலமான மவுண்ட் போர்டு வைத்துப் பெரிய சட்டத்தில் போடலாம். முகம் மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், பிக்சலும் 80-ஐத் தாண்டும்.

அடுத்த வேலை, உடலின் கூர்மையைக் குறைப்பது. கோட்டின் பொத்தான் துளை வரை துல்லியமாகத் தெரிய, முகம் மட்டும் மங்கலாக இருந்தால் கண் முதலில் அந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கும். படம் முழுவதும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது பழைய படம் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் உடலையும் பின்னணியையும் முகத்தின் அளவுக்குச் சிறிது மங்கலாக்கி, பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பொடிப் புள்ளி அடுக்கைப் போடுகிறார்கள் தேர்ந்தவர்கள். ஃபோட்டோஷாப்பில் ஒரு புதிய அடுக்கை 50 சதவீத சாம்பல் நிறத்தால் நிரப்பி, அதை Overlay ஆக்கி, Add Noise-இல் இரண்டு மூன்று சதவீதம், Monochromatic என்று கொடுத்தால் போதும். அந்தப் புள்ளிகள் முகத்தையும் கழுத்தையும் கோட்டையும் ஒரே ஃபிலிமில் பதிவானவை போலச் சேர்த்துவிடும். இதை அச்சு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, கடைசியாகச் செய்ய வேண்டும். முன்பே செய்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெருத்துவிடும்.

இனி நிறம். இரண்டு கேமராக்கள், இரண்டு காலங்கள், இரண்டு வெளிச்சங்கள். இதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வேற்றுமை ஒன்றும் இருக்கிறது, அதுதான் புரொஃபைல். படக் கோப்பில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள்தாம். வெறுமனே 10 என்று எழுதினால் அது கிலோவா பவுண்டா என்று தெரியாது அல்லவா, அதுபோலத்தான் இந்த எண்களும். அவை எந்த அளவுகோலில் சொல்லப்பட்டவை என்று கூறுவது கோப்போடு ஒட்டியிருக்கும் ஐசிசி புரொஃபைல். ஐஃபோன்கள் 2016 முதல் Display P3 என்ற அகன்ற நிறவெளியில் படம் எடுக்கின்றன. ஸ்டூடியோவிலிருந்து வரும் உடல் படம் Adobe RGB-யில் இருக்கக்கூடும். ஸ்கேன் செய்த பழைய படத்தில் புரொஃபைலே இல்லாமலும் போகலாம்.

மூன்றையும் ஒரே கோப்பில் சேர்க்கும் முன் ஒரே அளவுகோலுக்கு மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் Edit பட்டியலில் அருகருகே இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. Convert to Profile நிறத்தை அப்படியே காத்து எண்களை மாற்றும். Assign Profile எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் பொருளை மாற்றிவிடும், அதனால் நிறம் மாறிவிடும். அவசரத்தில் இரண்டாவதைச் சொடுக்கிவிடுவது வழக்கமான விபத்து. Adobe RGB படத்தை sRGB என்று சொல்லிவிட்டால் தோல் சோகை பிடித்ததுபோல் வெளுத்து, சாம்பல் பூத்துத் தெரியும். தலைகீழாகச் செய்தால் முகம் வெயிலில் கன்றியது போலாகிவிடும். முகத்துக்கு மட்டும் இப்படி நேர்ந்து, உடலுக்கு நேராமல் இருந்தால் எத்தனை முறை கர்வ்ஸை இழுத்தாலும் இரண்டும் ஒட்டாது.

கொடுக்கப்போவது சாதாரண கலர் லேப் என்றால் sRGB-யில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வெள்ளி உப்புத் தாளில் லேசரால் அச்சிடும் மினிலேப் இயந்திரங்கள் பெரும்பாலும் வரும் கோப்பை sRGB என்றே எடுத்துக்கொள்கின்றன. சேமிக்கும்போது ICC Profile என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிக்மென்ட் மையில் பருத்தித் தாளில் அச்சிடும் கடை என்றால் அந்தத் தாளுக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்கலாம். View பட்டியலில் Proof Setup வழியாக அதை ஏற்றினால், அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்பதைத் திரையிலேயே ஓரளவு காணலாம். பட்டுப்புடவைப் படங்களுக்கு இது மிக அவசியம். திரையில் எரியும் ராணிச் சிவப்பும் மயில் கழுத்துப் பச்சையும் தாளால் எட்ட முடியாத நிறங்களாக இருக்கலாம். தாள் எட்டாத இடத்தில் மடிப்புகளெல்லாம் ஒன்றாகி, புடவை ஒரே திட்டாக விழும். அந்தப் பகுதியின் அடர்த்தியை நாமே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் மடிப்பு காப்பாற்றப்படும்.

முகமும் கழுத்தும் ஒரே நிறமா என்பதைக் கண்ணை நம்பிச் சொல்லக் கூடாது. பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கண் சமாதானப்படுத்திக்கொள்ளும். எண்ணைப் பார்க்க வேண்டும். கன்னத்தில் 168, 120, 92 என்று காட்டி, அதே அளவு வெளிச்சம் விழும் கழுத்தில் 160, 98, 80 என்று காட்டினால் கழுத்து தெளிவாகவே சிவந்திருக்கிறது, பச்சை எண் அங்கே அதிகமாகச் சரிந்துவிட்டது. கழுத்தைத்தான் முகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், முகத்தைக் கழுத்துக்கு ஏற்ப அல்ல. உடல் யாரோ ஒருவருடையது, முகம்தான் நம்முடையவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்காமலேயே நிறத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கறுத்த தாத்தாவைச் சிவந்தவராக்கி மாட்டினால் பேரப்பிள்ளைகள் காண்பது வேறொருவரை. லேப்பில் இயந்திரம் தானாகவே செய்யும் திருத்தமும் இதே விளைவைத் தரலாம், கறுத்த முகத்தைக் குறை வெளிச்சம் என்று நினைத்துப் பிரகாசமாக்கிவிடும். ‘கரெக்ஷன் போட வேண்டாம், அப்படியே அடியுங்கள்’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதச் சொல்வது நல்லது. அச்சு இருட்டாக வருகிறது என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை பார்த்தவர்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

தாளில் வழக்கமாகக் கிடைப்பவை கிளாஸி, மேட், இரண்டுக்கும் நடுவிலான லஸ்டர், தேன்கூடு போல் பொறித்த சில்க், முத்துப்போல் மின்னும் மெட்டாலிக். கிளாஸியில் கறுப்பு மிக ஆழமாக விழும், நிறங்கள் துள்ளும். அதே காரணத்தால் ஒட்டும் தையலும் துள்ளும். தாடையின் கீழ் நிழலில் முகமும் கழுத்தும் சந்திக்கும் கோடு கிளாஸியில்தான் முதலில் தெரியும். மேட் தாளில் கறுப்பு அத்தனை ஆழமாக வராது, இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், தையல் அதில் ஒளிந்துகொள்ளும். ஆனால் கறுப்புக் கோட்டு சாம்பலாகிச் சோர்ந்து போகலாம். மெட்டாலிக் தாள் சரிகைக்கு அருமையாக இருக்கும். நெற்றியும் கன்னமும் உலோகம்போல் மின்னுவது வயதானவர்களின் முகத்துக்குப் பொருந்தாது. சில்க் தாளின் பொறிப்பு சிறிய முகத்தில் கண்ணின் விவரத்தோடு மோதும். முகம் மாற்றிய படத்துக்குப் பெரும்பாலான நேரங்களில் ஏற்றது லஸ்டர்தான். கறுப்பு கிளாஸிக்கு அருகில் நிற்கும், மெல்லிய சொரசொரப்பு தையலை மறைக்கும், விரல் ரேகையும் எளிதில் படியாது.

கண்ணாடி போடுவதா, கண்ணாடியில்லாத லேமினேஷன் சட்டமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மாலை போடும் படம், குங்குமம் வைக்கும் படம் என்றால் கண்ணாடிதான். லேமினேஷன் மேல் வைத்த குங்குமம் கறையாகத் தங்கிவிடலாம். கண்ணாடியைத் துடைத்துவிடலாம். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. கலர் லேப் தாளின் மேற்பரப்பு ஜெலட்டின். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், மழைக்காலச் சுவரில், அது இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஈரத் திட்டுபோல் ஒரு பளபளப்பான வட்டம் தெரியும், பிறகு அது பரவும். ஒட்டியதைப் பிரித்தால் முகத்தின் தோலே உரிந்து கண்ணாடியோடு வந்துவிடும். கிளாஸி தாள் மிக எளிதில் ஒட்டும். இடையில் ஒரு மவுண்ட் போர்டு இருந்தால் அதன் தடிமன் அளவுக்கு இடைவெளி கிடைத்துவிடும், ஆபத்து நீங்கும். மவுண்ட் வேண்டாம் என்பவர்கள் சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய பட்டி வைக்கச் சொல்லலாம். சட்டம் படத்தின் நான்கு ஓரங்களிலும் கால் அங்குலம் விழுங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெயரும் தோற்றம், மறைவு நாட்களும் அச்சிடும் படத்தில் அந்த எழுத்துகள் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலமாவது உள்ளே இருக்கட்டும்.

முழு அளவில் அடிக்கும் முன் ஒரு சோதனை அச்சு எடுத்துவிட்டால் பணமும் மனவருத்தமும் மிச்சம். முழுப் படத்தையும் 4க்கு 6 ஆகச் சுருக்கி அடிப்பதில் பயனில்லை, சுருங்கும்போது எல்லாக் குறையும் மறைந்துவிடும். முடிந்த கோப்பிலிருந்து முகமும் கழுத்தும் கோட்டின் காலரும் வரும்படி 1200க்கு 1800 பிக்சலை அப்படியே வெட்டி, அதே லேப்பில், அதே தாளில் 4க்கு 6 ஆக அடிக்க வேண்டும். அது இறுதிப் படத்தின் உண்மையான ஒரு துண்டு. அதைப் படம் மாட்டப்போகும் இடத்தில் சுவரில் ஒட்டி, மூன்றடி தள்ளி நின்று, பகலில் ஒருமுறையும் இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் கழுத்தின் சிவப்பு கூடித் தெரிந்தால் அந்த இடத்துக்கே திருத்திவிடலாம். அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவரிடம், பாட்டியிடமோ அத்தையிடமோ, எதுவும் சொல்லாமல் அந்தத் துண்டைக் காட்டுவது இன்னும் நல்ல சோதனை. அவர் ‘கண்ணு வேற மாதிரி இருக்கே’ என்றால் சீரமைப்பு அடுக்கை இன்னும் குறைக்க வேண்டும்.

அடுக்குகள் கலைக்காத கோப்பையும் முகம் எடுத்த அசல் படத்தையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருமாதி முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு ஒன்று, தங்கை வீட்டுக்கு ஒன்று என்று பிரதி கேட்பார்கள். ஒருவருக்கு 8க்கு 12 வேண்டியிருக்கும், இன்னொருவருக்கு மணிபர்ஸில் வைக்கச் சின்னதாக ஒன்று. ஒவ்வோர் அளவுக்கும் கூர்மையையும் புள்ளி அடுக்கையும் புதிதாகப் போட வேண்டியிருப்பதால், தட்டையாக்கிய ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் அந்த வேலை நடக்காது. சட்டத்தின் பின்பக்க அட்டையில் முகம் எந்த வருடம், எந்தக் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வந்தது, உடை ஸ்டூடியோவுடையது என்பதைப் பென்சிலால் எழுதி வைத்துவிட்டால், பின்னால் வரும் பிள்ளைகள் தாத்தா எந்த அலுவலகத்துக்குக் கோட்டு போட்டுப் போனார் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.